அழித்த ஆர்டர் எங்கே போகிறது?

ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மார்ச் 20, 2025 அன்று வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு புடவை வாங்குகிறார். ஒன்று 4,200 ரூபாய், இன்னொன்று 2,100 ரூபாய். மொத்தம் 6,300. ஆர்டர் எண் 1043, பில் எண் SS/24-25/0871. ஏப்ரல் 14 அன்று அவர் இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுகிறார். பணம் திரும்பப் போகிறது. கடையில் கணினி முன் உட்கார்ந்திருப்பவர், ‘இனி இந்த ஆர்டர் எதற்கு?’ என்று நினைத்து அதைத் திறந்து டெலிட் பட்டனை அழுத்துகிறார்.

அந்த ஒரு அழுத்தலில் என்ன நடக்கும் என்பது மென்பொருளை எழுதியவர் முன்பே எடுத்த முடிவைப் பொறுத்தது. ஒன்று, அந்தப் பதிவு தரவுத்தளத்திலிருந்து உண்மையிலேயே நீக்கப்படும். இதுதான் ஹார்ட் டெலிட். அல்லது பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும், ‘இது நீக்கப்பட்டது’ என்று ஒரு தேதி மட்டும் அதில் ஏறும், திரையில் தெரியாமல் போகும். இது சாஃப்ட் டெலிட். பட்டனை அழுத்தியவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுப்பவருக்கும், வருடக் கடைசியில் வந்து உட்காரும் ஆடிட்டருக்கும் அப்படியில்லை.

நாம் ‘ஆர்டர்’ என்று ஒருமையில் சொன்னாலும் தரவுத்தளத்தில் அது ஒரே பதிவாக இருப்பதில்லை. 1043-ஐ எடுத்தால், ஆர்டருக்கு ஒரு வரி இருக்கும். அதிலுள்ள இரண்டு புடவைக்கு இரண்டு வரி வேறொரு டேபிளில் இருக்கும். பணம் வந்ததற்கு ஒரு வரி, பில்லுக்கு ஒரு வரி, ஸ்டாக்கிலிருந்து இரண்டு புடவை வெளியே போனதற்கு இரண்டு வரி. இவை எல்லாம் 1043 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன. சிக்கல் எல்லாம் இந்தத் தொடர்பில்தான் இருக்கிறது.

முழுதாக அழிக்கும்போது

ஆர்டர் வரியை ஹார்ட் டெலிட் செய்தால் அதைச் சார்ந்த வரிகள் என்ன ஆவது? டேபிள்களை அமைக்கும்போதே இதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். RESTRICT என்று அமைத்திருந்தால், சார்ந்த வரிகள் இருக்கும்வரை ஆர்டரை அழிக்கவே தரவுத்தளம் விடாது. CASCADE என்றால் ஆர்டரோடு சேர்த்து அத்தனையும் போய்விடும். எதுவும் சொல்லாமல், தொடர்பையே பதிவு செய்யாமல் விட்டிருந்தால், ஆர்டர் போய்விடும். புடவை வரிகளும் பணம் வந்த வரியும் எந்த ஆர்டருடையது என்று தெரியாமல் அநாதையாக நிற்கும்.

மூன்றில் முதலாவதுதான் கடைக்கு நல்லது. ஆனால் பலர் CASCADE-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழிக்கும்போது பிழைச் செய்தி வராது, எல்லாம் சுத்தமாகப் போய்விடும் என்பதுதான் காரணம். அந்தச் சுத்தம்தான் ஆபத்து. 

மார்ச் மாத மொத்த விற்பனை 4,20,000 ரூபாய் என்று ஏப்ரல் 10 அன்று ரிப்போர்ட் எடுத்து, அதை வைத்து ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்தாகிவிட்டது என்று வையுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிதான் கெடு. ஏப்ரல் 14 அன்று 1043 அழிக்கப்படுகிறது. அதன்பின் யார் மார்ச் ரிப்போர்ட் எடுத்தாலும் 4,13,700 என்றுதான் வரும். முடிந்துபோன மாதத்தின் கணக்கு, அரசிடம் கொடுத்துவிட்ட கணக்கு, தானாக மாறிவிட்டது. ஏன் மாறியது என்று சொல்ல மென்பொருளில் ஒரு வரிகூட மிச்சமில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டில் மட்டும் 6,300 வந்ததும் போனதும் இருக்கும். அதற்கு எதிரே காட்ட எந்த ஆர்டரும் இருக்காது.

ஸ்டாக்கும் இதேபோல் பிசகும். திரும்பி வந்த இரண்டு புடவையை வாங்கி வைத்த குடோன்காரர், தன் பங்குக்கு ‘இரண்டு உள்ளே வந்தது’ என்று தனியே ஒரு பதிவு போட்டிருப்பார். இப்போது CASCADE ஓடி ‘இரண்டு வெளியே போனது’ என்ற பதிவை அழித்துவிட்டால், கணக்கில் இரண்டு புடவை கூடுதலாக நிற்கும். அலமாரியில் இருப்பது பத்து, கணினி சொல்வது பன்னிரண்டு. ஸ்டாக் எடுக்கும் நாளில் இந்த வித்தியாசத்துக்குத் திருட்டு என்றோ கவனக்குறைவு என்றோ பெயர் வைத்து யாரோ ஒருவரைத் திட்டுவார்கள்.

வாடிக்கையாளர் பதிவில் CASCADE வைத்திருந்தால் சேதம் இன்னும் பெரிது. கணக்கை மூடச் சொல்லி ஒருவர் கேட்டார் என்று அவர் பெயரை அழித்தால், அவர் மூன்று வருடத்தில் வாங்கிய அத்தனை ஆர்டரும் அந்தந்த மாத விற்பனையிலிருந்து கழன்று விழும்.

மறைத்து வைக்கும்போது

இதற்கெல்லாம் மாற்றாகத்தான் சாஃப்ட் டெலிட் வந்தது. ஆர்டர் டேபிளில் deleted_at என்று ஒரு தேதிக் கட்டம் சேர்ப்பார்கள். அது காலியாக இருந்தால் ஆர்டர் உயிரோடு இருக்கிறது, தேதி இருந்தால் நீக்கப்பட்டது. தவறுதலாக அழித்ததை மீட்கலாம், பின்னால் தேடிப் பார்க்கலாம். ஹார்ட் டெலிட்டைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘சாஃப்ட் டெலிட் வைத்துவிட்டோம், இனி ரிப்போர்ட்டும் ஆடிட்டும் பத்திரம்’ என்று நம்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. அது தனக்கே உரிய தவறுகளைக் கொண்டுவருகிறது. அவை வெளியே தெரியாமல் நடப்பவை.

முதல் தவறு இது. ஆர்டர் வரியில் தேதி ஏறியது, ஆனால் அதைச் சார்ந்த புடவை வரிகளில் ஏறவில்லை. ஆர்டர்வாரி ரிப்போர்ட் எழுதியவர் நீக்கப்பட்டவற்றை ஒதுக்கியிருக்கிறார். பொருள்வாரி ரிப்போர்ட் எழுதியவர் நேரே புடவை வரிகளைக் கூட்டியிருக்கிறார். விளைவு, ஒரே மார்ச் மாதத்துக்கு முதல் ரிப்போர்ட் 4,13,700 என்கிறது, இரண்டாவது 4,20,000 என்கிறது. முதலாளி எதை நம்புவார்? இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, நீக்கப்பட்ட ஆர்டர்களின் தொகையோடு பொருத்திப் பாருங்கள். 6,300 என்ற வித்தியாசம் 1043-இன் தொகையோடு அப்படியே பொருந்தினால், கூட்டலில் பிழை தேடுவதை நிறுத்திவிட்டு ரிப்போர்ட்டின் வடிகட்டியைப் பார்க்கலாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. ஒரு ரகப் புடவையை இனி விற்பதில்லை என்று முடிவுசெய்து, அந்தப் பொருளைச் சாஃப்ட் டெலிட் செய்கிறார்கள். அது முழுக்க நியாயமானது. ஆனால் பொருள்வாரி ரிப்போர்ட், ‘நீக்கப்படாத பொருள்களை மட்டும் காட்டு’ என்று எழுதப்பட்டிருந்தால், அந்த ரகம் போன வருடம் நன்றாக விற்ற விற்பனையும் சேர்ந்து மறைந்துவிடும். புதிதாக ஆர்டர் எடுக்கும் திரையில் அந்த வடிகட்டி கட்டாயம் வேண்டும். பழைய விற்பனையைச் சொல்லும் ரிப்போர்ட்டில் அது இருக்கவே கூடாது. இந்த இரண்டையும் யோசிக்காமல் எல்லா இடத்திலும் தானாக ஒதுக்கும்படி அமைத்துவிடுவதுதான் பல மென்பொருள்களின் வழக்கம். எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துதான் எதை ஒதுக்குவது என்று தீர்மானிக்க முடியும்.

மூன்றாவது, தேதியின் சிக்கல். சாஃப்ட் டெலிட் செய்தாலும் மார்ச் மாத ரிப்போர்ட் 4,13,700 ஆகத்தான் மாறுகிறது, கவனித்தீர்களா? பதிவு இருக்கிறது, ஆனால் கணக்கில் இல்லை. முடிந்த மாதம் மாறிவிடும் குறை இதிலும் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு ஆறுதல், deleted_at-இல் உண்மையான தேதியும் நேரமும் இருந்தால் அன்றைக்குக் கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுக்க முடியும். ஏப்ரல் 10 முடிவில் மார்ச் கணக்கு எப்படி இருந்தது என்று கேட்க இப்படி எழுதலாம்:

```sql
SELECT SUM(total) FROM orders
WHERE order_date >= '2025-03-01'
  AND order_date <  '2025-04-01'
  AND (deleted_at IS NULL
       OR deleted_at >= '2025-04-11');
```

1043 ஏப்ரல் 14-இல் நீக்கப்பட்டதால் இந்தக் கேள்விக்கு 4,20,000 என்று பதில் வரும். தேதிக்குப் பதில் ‘ஆம்/இல்லை’ என்று மட்டும் குறித்துவைக்கும் மென்பொருளில் இதற்கு வழியே இல்லை. அதனால்தான் தேதிக் கட்டம் வைப்பதே நல்லது என்கிறேன்.

மீட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. மார்ச் 20 அன்று அந்த வாடிக்கையாளர் முதலில் 450 ரூபாய்க்கு ஒரு பிளவுஸ் துணியும் சேர்த்திருந்தார், பில் போடும் முன்பே ‘அது வேண்டாம்’ என்று எடுத்துவிட்டார் என்று வையுங்கள். அந்த வரியும் சாஃப்ட் டெலிட் ஆகித்தான் கிடக்கும். ஏப்ரல் 14-இல் ஆர்டரோடு சேர்த்துப் புடவை வரிகளும் நீக்கப்படுகின்றன. இரண்டு நாள் கழித்து, தவறாக அழித்துவிட்டோம் என்று ஆர்டரை மீட்கிறார்கள். 1043-ஐச் சேர்ந்த எல்லா வரிகளையும் மீட்டால் பிளவுஸ் துணியும் உயிர்பெற்று வந்துவிடும். ஆர்டர் 6,300 என்று சொல்ல, அதன் வரிகளின் கூட்டல் 6,750 என்று வரும். ஒரே செயலில் நீக்கப்பட்டவை எல்லாவற்றுக்கும் நொடி பிசகாமல் ஒரே நேரம் பதியும்படி முதலிலேயே செய்திருந்தால், அந்த நேரத்தைச் சொல்லி அவற்றை மட்டும் மீட்கலாம்:

```sql
UPDATE order_items SET deleted_at = NULL
WHERE order_id = 1043
  AND deleted_at = '2025-04-14 16:20:05';
```

பிளவுஸ் துணி மார்ச் 20-ஆம் தேதியோடு நீக்கப்பட்டதாகவே இருந்துவிடும்.

ஆடிட்டர் தேடுவது

மேலே மீட்டோமே, அதன்பின் deleted_at காலி. ஏப்ரல் 14-இல் ஒருவர் இதை அழித்தார், 16-இல் ஒருவர் மீட்டார் என்பதற்கு இப்போது எந்தத் தடயமும் இல்லை. சாஃப்ட் டெலிட் என்பது ஒரு பதிவின் இன்றைய நிலையை மட்டும் சொல்கிறது. யார் செய்தார், எப்போது, அதற்கு முன் என்ன இருந்தது என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது எடிட் லாக் என்கிற தனிப் பதிவேடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாக ஒரு வரி சேரும், பழைய வரியை யாரும் தொட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால் ஆடிட் நேரத்தில் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

இந்தியாவில் கம்பெனிகளுக்கு இது சட்டக் கட்டாயம். கம்பெனிகள் (கணக்குகள்) விதிகள் 2014-இன் 3-ஆம் விதிப்படி, ஏப்ரல் 1, 2023-இலிருந்து கணக்குப் புத்தகங்களை மென்பொருளில் வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தடம் பதிந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறித்து, அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாதபடி இருக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அது ஆண்டு முழுக்க ஓடியதா, யாராவது கை வைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். தனிநபர் வணிகத்துக்கும் சாதாரணக் கூட்டு வணிகத்துக்கும் இந்த விதி பொருந்தாது. 

இங்கே நல்ல ஆடிட்டர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மென்பொருளின் திரை வழியாக மாற்றினால் லாக் பதிகிறது, சரி, தரவுத்தளத்துக்குள் நேரே போய் ஒருவர் DELETE என்று அடித்தால் அது எங்கே பதியும்? பல இடங்களில் எங்கும் பதியாது. தரவுத்தள அளவிலேயே பதிவு செய்யும் ஏற்பாடு இருந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

அழிப்பை ஆடிட்டர்கள் இவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் பின்னணி இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நார்வாக் ஊரில் ஸ்டூ லெனார்ட்ஸ் என்ற பெரிய பால்பொருள் கடை. அதன் உரிமையாளர், கணினி நிரல் ஒன்றை வைத்து விற்பனையைக் குறைத்துக்காட்டி 1 கோடியே 70 லட்சம் டாலரை வரிக்கணக்கிலிருந்து மறைத்த வழக்கில் 1993-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். விற்றபின் விற்பனையை அழிப்பது அன்றிலிருந்து வரித்துறைகளுக்கு நன்கு தெரிந்த தந்திரம். நேர்மையான கடையில் யோசிக்காமல் அழித்த ஆர்டரும், ஏமாற்ற அழித்த ஆர்டரும் தரவுத்தளத்தில் ஒரே மாதிரி வெற்றிடமாகத்தான் தெரியும்.

அந்த வெற்றிடத்தை ஆடிட்டர் முதலில் தேடுவது பில் எண்களில்தான். ஜி.எஸ்.டி. விதி 46 பில்லுக்குத் தொடர்வரிசை எண் கேட்கிறது. ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், மொத்தம் எத்தனை, அதில் ரத்தானவை எத்தனை என்று எழுத வேண்டும். ரத்தான பில்லை எண்ணிச் சொல்ல அது எங்காவது இருக்க வேண்டுமே! 0870-க்கு அடுத்து 0872 வந்தால், நடுவில் இருந்தது எங்கே என்ற கேள்விக்கு ஹார்ட் டெலிட் செய்தவரிடம் பதில் இருக்காது.

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். எல்லா இடைவெளியும் அழிப்பால் வருவதில்லை. தரவுத்தளம் தானாகக் கொடுக்கும் உள் எண்களில், ஆர்டர் பாதியில் தோல்வியடைந்தாலும் அந்த எண் செலவாகிவிடும், திரும்ப வராது. MySQL, PostgreSQL இரண்டிலும் இப்படித்தான். ஆகவே அந்த உள் எண்ணையே பில் எண்ணாக அச்சடிக்கும் மென்பொருள், ஒன்றையும் அழிக்காத கடைக்காரரையும் சந்தேகத்தில் மாட்டிவிடும். பில் உறுதியாகும் கணத்தில் தனியாக எடுக்கப்படும் எண்ணாக அது இருக்க வேண்டும்.

1043-ஐ என்ன செய்திருக்க வேண்டும்?

என் முடிவு இதுதான்: பில் போட்டு, பணம் வாங்கி, பொருள் வெளியே போன ஆர்டரை இரண்டு விதத்திலும் அழிக்கக் கூடாது. மார்ச் 20-இல் விற்பனை நடந்தது உண்மை. ஏப்ரல் 14-இல் பொருள் திரும்பியதும் உண்மை. இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள், தனித்தனித் தேதிகள். முதலாவதை மறைத்து இரண்டாவதைக் காட்ட முடியாது. எனவே ஆர்டர் ‘திரும்பியது’ என்ற நிலைக்கு மாற வேண்டும். ஏப்ரல் 14 தேதியிட்டு 0871-ஆம் பில்லைக் குறிப்பிட்டு 6,300 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும். ஸ்டாக்கில் அதே தேதியில் இரண்டு புடவை உள்ளே வர வேண்டும், பணம் திரும்பப் போனது தனி வரியாகப் பதிய வேண்டும். 

அப்படிச் செய்தால் மார்ச் விற்பனை என்றைக்கும் 4,20,000 தான். 6,300 ஏப்ரலில் கழியும், ஏப்ரல் மாத ஜி.எஸ்.டி. கணக்கில் போகும். அந்த நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரை கிரெடிட் நோட்டைக் கணக்கில் காட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் நோட் போடுவதில் எந்தத் தடையும் இல்லை.

டேலியில் வேலை செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம் விரல் நுனியில் இருக்கிறது. Alt+D அழுத்தினால் வவுச்சர் அழியும். Alt+X அழுத்தினால் ரத்தாகும், எண் அப்படியே வரிசையில் நிற்கும், தொகை மட்டும் போய்விடும். தவறாக அடித்து இன்னும் யார் கையிலும் கொடுக்காத பில்லுக்கு Alt+X சரியான பதில். பொருள் போய்த் திரும்பிய பில்லுக்கு அதுவும் பதிலல்ல. அங்கே கிரெடிட் நோட்தான்.

அப்படியானால் சாஃப்ட் டெலிட்டுக்கு வேலை எங்கே? பில் போடும் முன் கைவிடப்பட்ட ஆர்டர், இருமுறை பதிந்துவிட்ட வரைவு, விற்பதை நிறுத்திய பொருள், வேலையை விட்டுப்போன ஊழியரின் பெயர் ஆகியவற்றில். பணமோ சரக்கோ அசையாத இடத்தில் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 

ஹார்ட் டெலிட்டுக்கும் நியாயமான இடம் உண்டு, அதை மறுப்பவர்கள் தவறு செய்கிறார்கள். எல்லாவற்றையும் மறைத்து மறைத்து வைத்துக்கொண்டே போனால் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணும் முகவரியும் காரணமே இல்லாமல் காலத்துக்கும் கிடக்கும். தன் தனிப்பட்ட தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையை இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லும் தகவலுக்கு அதில் விலக்கும் இருக்கிறது. deleted_at-இல் தேதி போட்டு மறைத்துவைப்பது இங்கே அழித்ததாகாது. பில்லில் சட்டப்படி இருக்க வேண்டியதை விட்டுவிட்டு, விருப்பப் பட்டியல், சேமித்த முகவரிகள், விளம்பரத்துக்கு வைத்திருந்த தொலைபேசி எண் ஆகியவற்றை உண்மையாகவே அழிக்க வேண்டும். வாடிக்கையாளர் வரியில் பெயரையும் எண்ணையும் துடைத்துவிட்டு, வரியை மட்டும் விட்டுவைத்தால் ஆர்டர்களின் தொடர்பு அறுபடாது, பழைய மாத மொத்தங்களும் அசையாது.

ஆர்டர்களையே அழிக்கும் நாளும் ஒருநாள் வரும். ஜி.எஸ்.டி. சட்டம் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டு கேட்கிறது. இரண்டும் பொருந்தும் இடத்தில் எது பிந்தி முடிகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். வழக்கோ விசாரணையோ நிலுவையில் இருந்தால் அது முடியும்வரையும். 

அந்த நாளில் செய்யும் முறை இது. அழிக்கப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஆர்டர் எண்ணிக்கை, பில் எண் தொடக்கம், முடிவு, மொத்தத் தொகை ஆகியவற்றை ஒரு சிறிய டேபிளில் முதலில் எழுதிவைப்பார்கள். யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதும் அதில் இருக்கும். பிறகு சார்ந்த வரிகளை முதலில், ஆர்டரைக் கடைசியில் என்ற வரிசையில் அழிப்பார்கள். CASCADE-ஐ நம்பி ஒரே அடியாக அழிப்பதில்லை. ஒவ்வொரு டேபிளிலும் அழிந்த வரிகளின் எண்ணிக்கை முன்பே எண்ணிவைத்ததோடு ஒத்துப்போனால்தான் COMMIT கொடுப்பார்கள், இல்லையென்றால் ROLLBACK. அதன்பின் மிஞ்சியிருக்கும் மாதங்களின் மொத்தங்களை மறுபடி எடுத்து, அழிப்பதற்கு முன் எடுத்தவற்றோடு பொருத்துவார்கள். பழைய பேக்கப் கோப்புகளில் அதே ஆர்டர்கள் இன்னும் இருக்கும் என்பதால், அவை எந்தத் தேதியில் காலாவதியாகும் என்பதையும் அந்தச் சிறிய டேபிளிலேயே குறித்துவைப்பார்கள்.